தண்ணீர் எப்போது ஏறியது? ஒரு நிமிட அறிவியல் ரீலுக்கு முதல் வரி எழுதுவது எப்படி

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறுகிறது. பள்ளிக்கூடம் போன எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். செலவு குறைவு, கண்ணுக்கு அழகு, முடிவும் சில நொடிகளில் தெரிந்துவிடும். அதனால்தான் அறிவியல் ஆசிரியர் ஒருவர் கைபேசியை எடுத்து முதல் ரீல் போடலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் தொடங்குகிறார். அந்த ரீல்களில் பெரும்பாலானவற்றின் முதல் வரியும் ஏறக்குறைய ஒன்றுதான்: "ஆக்சிஜன் தீர்ந்ததும் தண்ணி எப்படி ஏறுது பாருங்க!"

அந்த வரி தவறு. அறிவியலாகவும் தவறு, ஹூக்காகவும் தவறு. இரண்டு தவறும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஹூக் என்பது ரீலின் முதல் மூன்று நான்கு நொடியில் சொல்லப்படும் வரி. திரையைத் தள்ளிக்கொண்டே போகிற கட்டைவிரல் நிற்குமா, நகருமா என்பது அதற்குள் முடிவாகிவிடும். "வணக்கம் மாணவர்களே, இன்று நாம் காற்றின் பண்புகளைப் பற்றிப் பார்ப்போம்" என்று தொடங்கினால் அந்த நான்கு நொடியும் வணக்கத்திலேயே போய்விடும். வகுப்பறையில் அது மரியாதை. அங்கே பிள்ளைகள் எழுந்து போக முடியாது. ரீலில் எல்லோரும் எழுந்து போகலாம். இன்னொரு பக்கம், "தொண்ணூறு சதவீதம் பேருக்கு இது தெரியாது" என்று ஆரம்பிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சதவீதத்தை யாரும் எண்ணவில்லை. அறிவியல் சொல்லித்தரும் ஒருவர் எண்ணாத எண்ணோடு தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

"ஆக்சிஜன் தீர்ந்ததும்" என்ற வரியில் இருக்கும் சிக்கல் வேறு வகையானது. அது விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறது. பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. தண்ணீர் ஏறுகிறது, ஆமாம், ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அடுத்த ரீல். எப்போது ஏறியது என்று அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்த விடையே நிற்காது.

அங்கே உண்மையில் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். ஸ்கிரிப்ட் அதற்குப் பிறகுதான்.

சோதனை பழையது. ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முன் பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபிலோ என்ற கிரேக்கப் பொறியாளர் இதை எழுதிவைத்திருக்கிறார். தீ காற்றைத் தின்றுவிடுகிறது என்பது அவர் காலத்து விளக்கம். ஆக்சிஜன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, "காற்று" என்ற இடத்தில் "ஆக்சிஜன்" என்று மாற்றி எழுதிக்கொண்டோம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். டம்ளரில் தண்ணீரும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதுண்டு. ஆகவே ஏறிய தண்ணீர்தான் தீர்ந்துபோன ஆக்சிஜன் என்று கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அந்தப் பொருத்தம் தற்செயலானது. பெரிய சுடர் வைத்தால் அதிகமாகவும் சிறிய சுடர் வைத்தால் குறைவாகவும் ஏறும். 1999ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பர்க், ஆன்டன் லாசன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், இந்தத் தவறான விளக்கம் எப்படி விடாப்பிடியாக நிலைத்திருக்கிறது என்று வேதியியல் கல்விக்கான ஆய்விதழ் ஒன்றில் தனிக் கட்டுரையே எழுதினார்கள். தவறு எந்த ஊருக்கும் தனிச் சொத்து இல்லை.

300 மில்லி பிடிக்கிற டம்ளர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஆக்சிஜன் 63 மில்லி. மெழுகுவர்த்தி அது முழுவதையும் எரித்துத் தீர்ப்பதில்லை. ஆக்சிஜனின் அளவு 16 சதவீதத்தை ஒட்டி இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். அதாவது செலவானது 15 மில்லி வாக்கில்தான். அதிலும் மெழுகு எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது. செலவான ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தை அது மறுபடி நிரப்பிவிடும். எரியும்போது உண்டாகும் நீராவி கண்ணாடியில் பனித்துத் தண்ணீராகிவிடும். மொத்தத்தில் எரிதலால் குறைந்த இடம் ஏறத்தாழ 5 மில்லி. டம்ளரில் அரை விரல் அளவுகூடத் தண்ணீர் ஏறாது.

சூட்டின் கணக்கு இதைவிடப் பெரியது. அறையின் வெப்பம் 30 டிகிரி. சுடரைச் சுற்றியிருக்கும் காற்று சராசரியாக 75 டிகிரிக்குப் போனது என்று வைத்தால், காற்று விரிந்து ஒரு பகுதி டம்ளரை விட்டு வெளியேறிவிடும். சுடர் அணைந்து மறுபடி 30 டிகிரிக்கு வரும்போது, உள்ளே மிஞ்சிய காற்று ஏறத்தாழ 39 மில்லி சுருங்கும். அந்த இடத்துக்குத்தான் தண்ணீர் போகிறது. ஐந்தும் முப்பத்தொன்பதும். எது பெரிய காரணம் என்பதில் குழப்பமில்லை.

கணக்கே வேண்டாம், கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆக்சிஜன் செலவாகும் இடத்துக்குத்தான் தண்ணீர் போகிறது என்றால், சுடர் எரிய எரியத் தண்ணீர் சீராக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஏறுவதில்லை. எரியும் நேரம் முழுவதும் ஏறக்குறையச் சும்மா இருக்கிறது. சுடர் குறுகி அணையும் தறுவாயில் மெல்ல நகரத் தொடங்கி, அணைந்ததும் சரசரவென்று ஏறுகிறது. சோதனையின் மொத்த அறிவியலும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. பார்ப்பவரின் கண்ணை அந்தக் கணத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஹூக்கின் வேலை.

ஆகவே இந்தச் சோதனைக்கு நான் எழுதும் முதல் வரி இது: "இந்த டம்ளருக்குள்ள தண்ணி ஏறப் போகுது. மெழுகுவர்த்தி எரியும்போதா, அணைஞ்ச பிறகா?"

இதில் விடை இல்லை. ஆனால் என்ன நடக்கப் போகிறது என்பது இருக்கிறது, பார்ப்பவர் பந்தயம் கட்ட இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒரு பக்கம் கட்டியவர் முடிவு தெரியாமல் நகர மாட்டார். அதைவிட முக்கியம், இருபது நொடிக்குள் யாருடைய வார்த்தையையும் நம்பாமல் தன் கண்ணாலேயே விடையைச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. "ஏன் ஏறுகிறது?" என்று கேட்டிருந்தால் ஆசிரியர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். "எப்போது?" என்று கேட்டால் தண்ணீரே சொல்லிவிடும்.

இனி ஸ்கிரிப்ட். ஒரு நிமிடம்தான். இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்று மூன்று நிமிடம்வரை போகலாம். இருந்தாலும் ஒரு சோதனை, ஒரு காரணம் என்றால் ஒரு நிமிடம் போதும். நிறுத்தி நிதானமாகப் பேச நூறு சொல் அளவுக்கு எழுதினால் சரியாக வரும். எழுதும்போதே பேசுகிற தமிழில் எழுதிவிட வேண்டும். பாடப்புத்தக நடையில் எழுதிவைத்து, படம் பிடிக்கும்போது பேச்சாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் கண் தாளைத் தேடும், குரல் ஒப்பிக்கும். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

முதல் ஐந்து நொடி. ஆசிரியரின் முகம் வேண்டாம், டம்ளரும் கையும் மட்டும். குரல்: "இந்த டம்ளருக்குள்ள தண்ணி ஏறப் போகுது. மெழுகுவர்த்தி எரியும்போதா, அணைஞ்ச பிறகா? மனசுக்குள்ள சொல்லுங்க." திரையில் பெரிய எழுத்தில் "எரியும்போதா? அணைந்த பிறகா?" என்று மூன்றே சொல். பேருந்திலும் படுக்கையிலும் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் பலர். அவர்களுக்கு அதுதான் ஹூக்.

அடுத்த ஐந்து நொடி. "தட்டுல மை கலந்த தண்ணி. டம்ளரைக் கவுக்கிறேன். தீயைப் பாக்காதீங்க, தண்ணியை மட்டும் பாருங்க."

பிறகு பதினைந்து நொடிக்கு ஏறக்குறையப் பேச்சே இல்லை. "எரியுது... தண்ணி ஏறல. விளிம்புல பாருங்க, குமிழி." ஒரு மௌனம். "அணையுது... அணைஞ்சிருச்சு. இப்போ பாருங்க!" தண்ணீர் ஏறி நிற்கும்வரை ஒரு சொல்லும் வேண்டாம்.

அடுத்த பதினைந்து நொடி விளக்கம். "தீ எரியும்போது உள்ள இருக்கற காத்து சூடாகி விரிஞ்சு, கொஞ்சம் வெளிய போயிருச்சு. அதுதான் நீங்க பாத்த குமிழி. தீ அணைஞ்சதும் மிச்சக் காத்து குளிர்ந்து சுருங்குது. வெளிய இருக்கற காத்து தண்ணியை உள்ள தள்ளுது."

அடுத்த பத்து நொடியில் ஒரு சாட்சி. "சூடுதான் காரணம்னா தீயே இல்லாமலும் ஏறணும் இல்லையா? வெந்நீர் ஊத்திக் கொட்டின டம்ளர். கவுக்கிறேன்... ஏறுது பாருங்க."

கடைசிப் பத்து நொடி. "ஆக்சிஜன் குறைஞ்சதாலதான் தீ அணைஞ்சுது, அது சரி. ஆனா தண்ணி ஏறினதுக்குப் பெரிய காரணம் சூடு. ரெண்டு மெழுகுவர்த்தி வெச்சா தண்ணி அதே உயரம் ஏறுமா, கூட ஏறுமா? எழுதி வெச்சிட்டு, வீட்டுல பெரியவங்களோட சேந்து செஞ்சு பாருங்க."

இதில் சில இடங்களில் சொல்லை அளந்து போட்டிருக்கிறேன். "தண்ணியை உள்ள தள்ளுது" என்ற இடத்தில் பலருக்கு "உறிஞ்சுது" என்றுதான் வாயில் வரும். உள்ளே இருக்கும் காற்றுக்குத் தண்ணீரைப் பிடித்து இழுக்கும் வலு கிடையாது. உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டதால், வெளியே தட்டின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. ஒரு வினைச்சொல்லை மாற்றினால் வளிமண்டல அழுத்தம் பற்றிய பாடமும் சேர்ந்தே வந்துவிடுகிறது. தனியாக விளக்க வேண்டியதில்லை.

"பெரிய காரணம்" என்பதும் அப்படியே. "ஆக்சிஜனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று சொன்னால் இன்னும் பரபரப்பாக இருக்கும், பகிர்வும் கூடும். ஆனால் அதுவும் பொய். அந்த 5 மில்லி இருக்கிறது. ஒரு தவறான விளக்கத்தைத் திருத்தப் போய் இன்னொரு தவறை விதைத்துவிடக் கூடாது. மெழுகின் வேதிச் சமன்பாடு, 16 சதவீதம், 39 மில்லி எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் வரவே கூடாது. ரீலின் கீழே எழுதும் குறிப்பில் அவற்றைப் போடலாம், அடுத்த ரீலில் சொல்லலாம்.

படம் பிடிக்கும்போது சொதப்புகிற இடங்கள் இரண்டு மூன்றுதான். ஆனால் அவற்றில் எது நடந்தாலும் ஸ்கிரிப்ட் கவிழ்ந்துவிடும்.

முதலாவது குமிழி. "விளிம்புல பாருங்க, குமிழி" என்று குரல் சொல்கிறது, திரையில் குமிழி வரவில்லை. பெரும்பாலும் டம்ளரை மெதுவாக இறக்கியிருப்பார்கள். சுடருக்கு மேலே டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சூடான காற்று அப்போதே உள்ளே நிறைந்துவிடும். தண்ணீரைத் தொடும் முன்பே விரிய வேண்டியதெல்லாம் விரிந்து முடிந்துவிடும். பிறகு குமிழி எங்கிருந்து வரும்? சட்டென்று கவிழ்க்க வேண்டும். டம்ளரின் விளிம்பு தட்டில் ஒட்டி உட்கார்ந்துவிட்டால் காற்று வெளியே வரவும் தண்ணீர் உள்ளே போகவும் வழி இருக்காது. விளிம்பின் அடியில் இரண்டு மூன்று நாணயங்களை வைத்தால் போதும். நாணயம் மூழ்கும்படி ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். நீல மை சில துளி கலந்து, பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து விழவிட்டால் குமிழியும் நீர்மட்டமும் தெளிவாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சுடர் ஆடாமல் இருப்பதற்கு மட்டுமல்ல, விசிறிச் சத்தம் குரலைத் தின்றுவிடும்.

இரண்டாவது, வெட்டு. ரீல் தொகுக்கும் எவருக்கும், மெழுகுவர்த்தி எரியும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நொடியை வெட்டி எறியக் கை துறுதுறுக்கும். ஒன்றும் நடக்கவில்லையே, சலித்துவிடுமே என்று தோன்றும். அந்த ஒன்றும் நடக்காத நேரம்தான் ஆதாரம். "எரியும்போது தண்ணீர் ஏறவில்லை" என்பதை வெட்டாத காட்சியில் மட்டும்தான் காட்ட முடியும். கவிழ்ப்பதிலிருந்து தண்ணீர் ஏறி நிற்கும்வரை ஒரே ஓட்டமாக இருக்கட்டும். வேகத்தையும் கூட்ட வேண்டாம். பந்தயம் கட்டியவர் காத்திருப்பார்.

வெந்நீர் டம்ளரிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மெல்லிய கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். அரை நிமிடம் வைத்திருந்து கொட்டிவிட்டு, துணியால் பிடித்து, தாமதிக்காமல் கவிழ்க்க வேண்டும். மெழுகுவர்த்தி அளவுக்குத் தண்ணீர் ஏறாது, ஆனால் ஏறுவது தெரியும். ஏறவே இல்லையென்றால் டம்ளர் ஆறிப்போன பிறகு கவிழ்த்திருக்கிறீர்கள். எழுத்தைத் திரையின் அடிப்பக்கத்திலோ வலது ஓரத்திலோ போடக் கூடாது. கணக்கின் பெயரும் விருப்பம் தெரிவிக்கும் பொத்தான்களும் அங்கேதான் வந்து மறைக்கும். நீர்மட்டமும் அந்த இடத்தில் வராதபடி, டம்ளர் திரையின் நடுவில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் முகம் வருவதாக இருந்தால் பெற்றோரிடமும் தலைமை ஆசிரியரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இந்த ரீலுக்கு முகமே தேவையில்லை என்பது ஒரு வசதி.

போட்ட பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைவிட, எந்த நொடியில் விலகினார்கள் என்று காட்டும் கோட்டைப் பாருங்கள். இரண்டு தளங்களுமே அதைத் தருகின்றன. கோடு முதல் மூன்று நொடியிலேயே செங்குத்தாக விழுந்தால் ஹூக் பிடிக்கவில்லை. தண்ணீர் ஏறியதும் விழுந்தால் பார்ப்பவர் விடை தெரிந்துகொண்டு கிளம்பிவிட்டார் என்று பொருள். விளக்கத்தின் முதல் வாக்கியம் நீளமாக இருக்கலாம். வெந்நீர் டம்ளரை அங்கே முன்னால் கொண்டுவந்து பார்க்கலாம். ஆனால் அந்தக் கோடு சொல்லாத ஒன்று உண்டு. மறுநாள் வகுப்பில், ரீலைப் பார்த்த ஒரு பிள்ளையிடம் "தண்ணி எப்ப ஏறுச்சு?" என்று கேட்க வேண்டும். "அணைஞ்ச பிறகு, சார்" என்று சொன்னால் ரீல் வேலை செய்திருக்கிறது. "ஆக்சிஜன் தீர்ந்ததும்" என்றால் பழைய விடை அசையவில்லை. எத்தனை ஆயிரம் பேர் பார்த்திருந்தாலும் அந்த ரீலைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு நியாயமான தயக்கம் வரும். பிள்ளை பரீட்சையில் இதை எழுதினால் மதிப்பெண் போய்விடாதா? எரிவதற்கு ஆக்சிஜன் தேவை, மூடிய இடத்தில் சுடர் அணைகிறது என்ற பாடத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதும் மாறவில்லை. அதை மெழுகுவர்த்தியால் நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான். நிரூபிக்க வேறு வழி இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் நனைத்து எடுத்தால் அதன் மேலிருக்கும் எண்ணெய்ப் பூச்சு போய்விடும். அதை உயரமான கண்ணாடிக் குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். நார் துருப்பிடிக்கும்போது ஆக்சிஜன் செலவாகிறது, பதிலுக்கு எந்த வாயுவும் வெளியே வருவதில்லை, உண்டாகும் சிறிது சூடும் மெல்ல வெளியேறிவிடும். ஓரிரு நாளில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி நின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி நார் வாங்கினால் வாரம் ஆனாலும் ஒன்றும் நடக்காது. கடையில் கேட்கும்போதே சாதாரண இரும்பு நார் என்று கேளுங்கள்.

இதற்கும் ஒரு ரீல் எழுதலாம். முதல் வரி: "இந்தக் குழாய்ல தீயே இல்ல. நாளைக்குக் காலையில தண்ணி எங்க இருக்கும்னு ஒரு கோடு போடுங்க." கைபேசியை அசையாமல் நிறுத்தி, மணிக்கொரு படமாக எடுத்துச் சேர்த்தால் நாள் முழுவதும் நடப்பது பத்து நொடியில் தெரியும்.

மேலே இருக்கும் இரண்டு ஸ்கிரிப்டையும் எந்த ஆசிரியர் வேண்டுமானாலும் எடுத்து, தன் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிப் படம்பிடிக்கலாம். பழைய விளக்கத்தோடு ஏற்கெனவே ஒரு ரீல் போட்டிருப்பவர்கள் அதை அழித்துவிட வேண்டாம். "தண்ணி எப்ப ஏறுது, மறுபடி பாருங்க" என்று அதே காணொளியை எடுத்துப் போட்டு, சரியான காரணத்தைச் சொல்லிப் புதிதாக ஒன்று போடுங்கள். முன்பு அதைப் பார்த்த பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.